இரும்பினுள் கார்பன் விரவுதல்: அர்ஹீனியஸ் வரைபடத்திலிருந்து கிளர்வு ஆற்றலைக் காணுதல்

வாகனங்களின் பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று உரசிச் சுழல்வதால் அவற்றின் மேற்பரப்பு கடினமாக இருத்தல் வேண்டும். முழுச் சக்கரமும் கடினமாக இருப்பின் அதிர்ச்சியைத் தாங்காமல் பல் உடைந்துவிடும். எனவே குறைந்த கார்பன் கொண்ட எஃகினால் சக்கரம் செய்யப்பட்டு, பின்னர் அது கார்பன் தரும் வாயு நிரம்பிய உலையில் ஏறத்தாழ 925 °C வெப்பநிலையில் சில மணி நேரம் வைக்கப்படுகிறது. கார்பன் அணுக்கள் மேற்பரப்பின் வழியே உட்புகுந்து, ஒரு மில்லிமீட்டர் அளவிலான ஆழம் வரை விரவுகின்றன. இவ்வாறு மேற்பரப்பு மட்டும் கார்பன் மிகுந்ததாகிப் பின்னர் கடினமாக்கப்படுகிறது.

உலையின் வெப்பநிலையை 925 °C இலிருந்து 1000 °C ஆக உயர்த்தினால், அதே ஆழத்தை எட்ட எவ்வளவு நேரம் போதும்? இவ்வினாவிற்கு விடை காண விரவுதல் வெப்பநிலையை எவ்வாறு சார்ந்துள்ளது என்பது தெரிய வேண்டும். அச்சார்பை ஒரே எண்ணில் அடக்கிக் கூறுவதே கிளர்வு ஆற்றல் ஆகும்.

திண்மத்தினுள் அணுக்களின் நகர்வு

திண்மப் பொருளினுள் அணுக்கள் இடம்பெயரும் என்பது நெடுங்காலம் நம்புதற்கரியதாகவே இருந்தது. இலண்டன் அரச நாணயச்சாலையில் பணியாற்றிய வேதியியலறிஞர் இராபர்ட்ஸ்-ஆஸ்டன் 1896 ஆம் ஆண்டில், திண்ம நிலையிலுள்ள காரீயத்தினுள் தங்கம் விரவுவதை அளந்து வெளியிட்டார். காரீயத்தை உருகாத வெப்பநிலையில் பல நாள் வைத்திருந்து, பின் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் உள்ள தங்கத்தின் அளவை அவர் கண்டறிந்தார். உயர் வெப்பநிலையில் இரும்பு கொள்ளும் முகப்பு மைய கனச்சதுர வடிவத்திற்குக் காமா இரும்பு என்று பெயர். அதில் கார்பன் கரைந்த நிலை, இவ்வறிஞரின் பெயரால் இன்றும் ஆஸ்டினைட் என வழங்கப்படுகிறது.

காமா இரும்பில் கார்பன் அணு, இரும்பு அணுக்களுக்கு இடையிலுள்ள இடைவெளிகளில் அமர்ந்திருக்கும். ஓர் இடைவெளியிலிருந்து அடுத்ததற்குச் செல்ல, வழியை அடைத்து நிற்கும் இரும்பு அணுக்களைச் சற்றே விலக்கிக்கொண்டு அது நுழைய வேண்டும். அவ்வாறு விலக்குவதற்குத் தேவையான ஆற்றலே விரவுதலின் கிளர்வு ஆற்றல் (Q) ஆகும். கார்பன் அணு தன் இடத்தில் இடைவிடாது அதிர்ந்துகொண்டிருப்பினும், போதிய ஆற்றல் வாய்க்கும் அதிர்வுகளில் மட்டுமே அது தாவுகிறது.

இத்தகைய அதிர்வுகளின் பின்னம் e^(–Q/RT) என்னும் காரணியால் குறிக்கப்படுகிறது. எனவே விரவல் கெழு,

D = D₀ e^(–Q/RT)

என எழுதப்படுகிறது. இங்கு R என்பது வாயு மாறிலி (8.314 ஜூல் கெல்வின்⁻¹ மோல்⁻¹), T என்பது கெல்வின் அளவிலான வெப்பநிலை, D₀ என்பது அடுக்குக்குறிக்கு முன் நிற்கும் மாறிலி. ஸ்வீடன் நாட்டு அறிஞர் சுவாந்தே அர்ஹீனியஸ் 1889 இல் கரும்புச் சர்க்கரை அமிலக் கரைசலில் சிதைவுறும் வேகத்தை ஆராய்ந்தபோது இவ்வடிவச் சமன்பாட்டைப் பயன்படுத்தினார். வினைவேகத்திற்கு எழுந்த சமன்பாடு விரவுதலுக்கும் பொருந்துவதற்குக் காரணம், இரண்டிலும் ஓர் ஆற்றல் தடையைத் தாண்டும் நிகழ்ச்சியே வேகத்தை முடிவு செய்கிறது என்பதாகும்.

வளைகோடு நேர்கோடாதல்

D ஐ T க்கு எதிராக நேரடியாக வரைந்தால் செங்குத்தாக எழும் ஒரு வளைகோடு கிடைக்கும். அதிலிருந்து Q ஐக் கண்ணால் மதிப்பிடுதல் இயலாது. சமன்பாட்டின் இருபுறமும் இயல் மடக்கை எடுக்கும்போது,

ln D = ln D₀ – (Q/R)(1/T)

எனக் கிடைக்கிறது. இது y = c + mx என்னும் நேர்கோட்டின் வடிவம். கிடையச்சில் 1/T யும் குத்தச்சில் ln D யும் குறிக்கப்பட்டால் புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் அமையும். அக்கோட்டின் சாய்வு –Q/R. வெட்டுத்துண்டு ln D₀. இதுவே அர்ஹீனியஸ் வரைபடம்.

மடக்கை எடுப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. விரவல் கெழுவை அளக்கும்போது நேரும் பிழை பெரும்பாலும் விழுக்காட்டு அளவில் ஒத்திருக்கும்; அதாவது சிறிய D யிலும் 5% பிழை, பெரிய D யிலும் 5% பிழை. மடக்கையில் இப்பிழை எல்லாப் புள்ளிகளுக்கும் ஒரே அளவான மேல்-கீழ் விலகலாக மாறிவிடுகிறது. ஆகவே கோட்டைப் பொருத்தும்போது எல்லாப் புள்ளிகளுக்கும் சமமான மதிப்பு அளிப்பது முறையாகிறது. மடக்கை எடுக்காமல் D மதிப்புகளுக்கே வளைகோட்டைப் பொருத்தினால் மிக உயர்ந்த வெப்பநிலைப் புள்ளி மட்டுமே முடிவை ஆளும்.

அளவீடுகள்

D எவ்வாறு அளக்கப்படுகிறது என்பதைச் சுருக்கமாகக் காணலாம். ஓர் இரும்புத் தண்டின் ஒரு முனையில் கார்பன் செறிவு நிலையாக இருக்குமாறு செய்து, குறித்த வெப்பநிலையில் பல மணி நேரம் வைத்து, பின்னர் விரைந்து குளிர்விக்கின்றனர். கடைசல் எந்திரத்தில் மெல்லிய அடுக்குகளாகச் சீவியெடுத்து, ஒவ்வோர் அடுக்கின் சீவலையும் ஆக்சிஜனில் எரித்து, வெளிப்படும் கார்பன் டைஆக்சைடிலிருந்து கார்பன் அளவு கணக்கிடப்படுகிறது. ஆழத்திற்கேற்பச் செறிவு குறையும் விதத்திலிருந்து D பெறப்படுகிறது. ஒரு வெப்பநிலைக்கு ஒரு D என்பதே இவ்வளவு உழைப்பின் பயன்.

காமா இரும்பில் கார்பனின் செறிவு கூடும்போது D யும் ஓரளவு கூடுகிறது. எனவே ஒப்பிடப்படும் அளவீடுகள் அனைத்தும் ஒரே செறிவுக்கு உரியனவாக இருத்தல் வேண்டும்.

கீழுள்ள ஐந்து அளவீடுகள் பயிற்சிக்காக அமைக்கப்பட்டவை. எனினும் காமா இரும்பில் கார்பனுக்குக் கையேடுகள் தரும் மதிப்புகளின் அளவிலேயே அவை உள்ளன. சோதனைகளில் இயல்பாக நேரும் சிதறலும் அவற்றில் உண்டு. D மதிப்புகள் 10⁻¹¹ மீ² வி⁻¹ என்னும் அலகில் தரப்பட்டுள்ளன. கணக்கை எளிமையாக்க, x = 1000/T எனவும், y = ln (D/10⁻¹¹) எனவும் கொள்ளப்பட்டன. ஒரு மாறிலியால் வகுப்பது கோட்டை மேலோ கீழோ நகர்த்துமேயன்றிச் சாய்வை மாற்றாது.

| வெப்பநிலை (°C) | T (கெல்வின்) | x = 1000/T | D (10⁻¹¹ மீ² வி⁻¹) | y |
|---|---|---|---|---|
| 950 | 1223 | 0.8177 | 1.15 | 0.1398 |
| 1000 | 1273 | 0.7855 | 1.86 | 0.6206 |
| 1050 | 1323 | 0.7559 | 3.40 | 1.2238 |
| 1100 | 1373 | 0.7283 | 5.20 | 1.6487 |
| 1150 | 1423 | 0.7027 | 8.60 | 2.1518 |

வெப்பநிலை சமமாக 50 பாகை உயர்ந்தபோதிலும் x மதிப்புகளின் இடைவெளி சமமாக இல்லை என்பதை நோக்குக. 1/T அச்சில் உயர் வெப்பநிலைப் புள்ளிகள் நெருங்கியும் தாழ் வெப்பநிலைப் புள்ளிகள் விலகியும் அமையும். மேலும் இவ்வச்சில் வலப்புறம் செல்லச் செல்ல வெப்பநிலை குறைகிறது. வரைபடத்தை முதன்முதலில் காண்போர் இதில் தடுமாறுவது இயல்பு.

இரு புள்ளிகள் போதுமா?

நேர்கோடு வரைய இரு புள்ளிகள் போதும் என்பது வடிவியல் கூறும் உண்மை. அளவீட்டில் அது போதாது என்பதை இவ்வட்டவணையே காட்டும். முதல் இரு புள்ளிகளை மட்டும் கொண்டால்,

சாய்வு = (0.6206 – 0.1398) / (0.7855 – 0.8177) = –14.93

இதை 8.314 ஆல் பெருக்கினால் Q ஏறத்தாழ 124 கிலோஜூல் மோல்⁻¹. (x இல் 1000 என்னும் காரணி ஏற்கனவே இருப்பதால் விடை நேராகக் கிலோஜூலில் கிடைக்கிறது.) இரண்டாம், மூன்றாம் புள்ளிகளைக் கொண்டால்,

சாய்வு = (1.2238 – 0.6206) / (0.7559 – 0.7855) = –20.38

இங்கு Q ஏறத்தாழ 169 கிலோஜூல் மோல்⁻¹. ஒரே உலோகம், ஒரே ஆய்வாளர், அடுத்தடுத்த அளவீடுகள். ஆயினும் விடைகளுக்கிடையே 45 கிலோஜூல் வேறுபாடு. 1000 °C இல் எடுத்த D சற்றுக் குறைவாக இருப்பதே இதற்குக் காரணம். அப்புள்ளி தாழ்ந்திருப்பதால் அதன் ஒருபுறம் சாய்வு குறைகிறது, மறுபுறம் கூடுகிறது. x இடைவெளி மிகச் சிறியதாக இருப்பதால் y இல் நேர்ந்த சிறு பிழை சாய்வில் பெரும்பிழையாகிறது. எல்லாப் புள்ளிகளையும் ஒருங்கே கருதி ஒரே கோட்டைப் பொருத்துவதே முறை.

மீச்சிறு வர்க்க முறை

ஒரு கோட்டிலிருந்து ஒவ்வொரு புள்ளியும் செங்குத்துத் திசையில் எவ்வளவு விலகியுள்ளது என்பதைக் கண்டு, அவ்விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் ஓர் எண் கிடைக்கும். எக்கோட்டிற்கு இவ்வெண் மிகச் சிறியதாக உள்ளதோ அதுவே சிறந்த பொருத்தமுடைய தொடர்புப் போக்குக் கோடு. அக்கோட்டின் சாய்வும் வெட்டுத்துண்டும் பின்வருமாறு:

m = Σ(x – x̄)(y – ȳ) / Σ(x – x̄)²

c = ȳ – m x̄

முதலில் சராசரிகள். x மதிப்புகளின் கூடுதல் 3.7901; ஐந்தால் வகுக்க x̄ = 0.75802. y மதிப்புகளின் கூடுதல் 5.7847; எனவே ȳ = 1.15694. இனி ஒவ்வொரு மதிப்பிலிருந்தும் அதன் சராசரியைக் கழிக்க வேண்டும்.

| °C | x – x̄ | y – ȳ | (x – x̄)² | (x – x̄)(y – ȳ) |
|---|---|---|---|---|
| 950 | 0.05968 | –1.01714 | 0.0035617 | –0.060703 |
| 1000 | 0.02748 | –0.53634 | 0.0007552 | –0.014739 |
| 1050 | –0.00212 | 0.06686 | 0.0000045 | –0.000142 |
| 1100 | –0.02972 | 0.49176 | 0.0008833 | –0.014615 |
| 1150 | –0.05532 | 0.99486 | 0.0030603 | –0.055036 |
| கூடுதல் | 0 | 0 | 0.0082650 | –0.145235 |

இரண்டாம், மூன்றாம் நிரல்களின் கூடுதல் சுழியாக வருதல் வேண்டும். வராவிடில் சராசரியில் பிழை உள்ளது; மேற்செல்லாமல் அங்கேயே திருத்திக்கொள்ள வேண்டும். கடைசி நிரலைக் கவனித்தால், சாய்வை முடிவு செய்வதில் பெரும்பங்கு முதற்புள்ளிக்கும் ஐந்தாம் புள்ளிக்குமே உரியது என்பது புலனாகும். நடுப்புள்ளியின் பங்கு ஏறத்தாழ ஒன்றுமில்லை. ஆகவே மேலும் ஓர் அளவீடு எடுக்க நேரம் கிடைத்தால் அதை நடுவில் எடுப்பதைவிட ஓரங்களில் எடுப்பதே Q விற்குப் பயன் தரும்.

m = –0.145235 / 0.0082650 = –17.57

Q = 17.57 × 8.314 = 146 கிலோஜூல் மோல்⁻¹

வெட்டுத்துண்டு c = 1.15694 + (17.572 × 0.75802) = 14.477. தொடக்கத்தில் D ஐ 10⁻¹¹ ஆல் வகுத்ததை இப்போது மீட்டெடுக்க வேண்டும். ln 10⁻¹¹ = –25.328 ஆதலால்,

ln D₀ = 14.477 – 25.328 = –10.851

D₀ = 1.9 × 10⁻⁵ மீ² வி⁻¹

கையேடுகளில் இவ்வமைப்பிற்கு Q = 148 கிலோஜூல் மோல்⁻¹ என்றும், D₀ = 2.3 × 10⁻⁵ மீ² வி⁻¹ என்றும் காணப்படுகிறது. Q ஏறத்தாழ ஒத்துவர, D₀ மட்டும் ஏன் இவ்வளவு விலகுகிறது?

விடையை எவ்வளவு நம்பலாம்?

பொருத்திய கோட்டிலிருந்து ஐந்து புள்ளிகளின் விலகல்கள் முறையே +0.032, –0.053, +0.030, –0.030, +0.023 ஆகும். குறிகள் மாறி மாறி வருகின்றன. இது நன்று, ஏனெனில் விலகல்கள் முதலில் நேர்க்குறியாகவும் நடுவில் எதிர்க்குறியாகவும் இறுதியில் மீண்டும் நேர்க்குறியாகவும் தொகுதியாக அமைந்திருப்பின், உண்மையில் புள்ளிகள் ஒரு வளைகோட்டில் உள்ளன, நேர்கோடு அவற்றுக்குப் பொருந்தாது என்று பொருள்படும்.

இவ்விலகல்களின் வர்க்கங்களின் கூடுதல் 0.00618. ஐந்து அளவீடுகளிலிருந்து m, c ஆகிய இரு எண்கள் பெறப்பட்டமையால் இதை 5 – 2 = 3 ஆல் வகுத்து வர்க்கமூலம் காண, s = 0.045 கிடைக்கிறது. சாய்வின் திட்டப்பிழை,

s / √Σ(x – x̄)² = 0.0454 / 0.0909 = 0.50

இதை 8.314 ஆல் பெருக்க ஏறத்தாழ 4. எனவே விடையை Q = 146 ± 4 கிலோஜூல் மோல்⁻¹ என எழுதுதல் வேண்டும். கணிப்பான் காட்டும் 146.096 என்னும் எண்ணின் தசம இலக்கங்களுக்கு இங்கு எவ்விதப் பொருளும் இல்லை.

வெட்டுத்துண்டின் நிலை வேறு. அது 1/T = 0 ஆகும் இடத்தில், அதாவது வெப்பநிலை முடிவிலியாகும் இடத்தில் உள்ளது. அளவீடுகளோ x = 0.70 க்கும் 0.82 க்கும் இடையே மட்டும் உள்ளன. ஒரு குறுகிய அளவுகோலை வைத்துக்கொண்டு அதைப்போல் ஆறு மடங்கு தொலைவிற்குக் கோட்டை நீட்டுவது போன்றது இது. சாய்வில் நேரும் சிறு மாற்றமும் அத்தொலைவில் பெரிதாகிவிடும். கணக்கிட்டால் c இன் திட்டப்பிழை 0.38 என வருகிறது, e^0.38 = 1.46 ஆதலால் D₀ இன் மதிப்பு 1.3 × 10⁻⁵ முதல் 2.8 × 10⁻⁵ வரை எங்கும் இருக்கலாம். கையேட்டு மதிப்பு இவ்வெல்லைக்குள் அடங்குகிறது. D₀ ஐத் தனித்து ஒப்பிடுவதில் பொருள் இல்லாமைக்கு இதுவே காரணம். Q சற்று மிகும்போது D₀ வும் உடன் மிகும். இரண்டும் சேர்ந்தே ஒரு கோட்டைக் குறிக்கின்றன.

ஆனால் அளந்த எல்லைக்கு அருகில் D ஐக் கணிப்பதற்கு இக்கோடு மிக நம்பத்தக்கது. 925 °C க்கு T = 1198; x = 0.8347. எனவே y = 14.477 – (17.572 × 0.8347) = –0.190. D = 8.3 × 10⁻¹² மீ² வி⁻¹. இதன் பிழை ஏறத்தாழ 4% மட்டுமே.

தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு இப்போது விடை கூறலாம். கார்பன் புகும் ஆழம் √(Dt) க்கு நேர்விகிதத்தில் இருப்பதால், ஆழம் மாறாதிருக்க Dt மாறாதிருத்தல் வேண்டும். 1000 °C இல் கோடு தரும் D = 1.96 × 10⁻¹¹. இது 925 °C மதிப்பைப்போல் 2.4 மடங்கு. ஆகவே நான்கு மணி நேர வேலை ஒரு மணி நாற்பது நிமிடத்தில் முடியும். எனினும் பட்டறைகள் வெப்பநிலையை விருப்பம்போல் உயர்த்துவதில்லை. வெப்பம் மிகும்போது எஃகின் படிகத் துகள்கள் பெருத்து அதன் உறுதி குறைந்துவிடும்.

இங்குச் சற்றே நின்று Q இன் அளவைச் சிந்திக்கலாம். 1000 °C இல் RT யின் மதிப்பு 10.6 கிலோஜூல் மோல்⁻¹. Q அதைப்போல் 13.8 மடங்கு. e^(–13.8) என்பது ஏறத்தாழ பத்து இலட்சத்தில் ஒன்று. அதாவது கார்பன் அணு பத்து இலட்சம் முறை அதிரும்போது ஒருமுறையே தாவ முடிகிறது. ஆனால் நொடிக்கு 10¹³ என்னும் அளவில் அது அதிர்வதால், ஒரு நொடியில் ஒரு கோடி அளவிலான தாவல்கள் நிகழ்ந்துவிடுகின்றன.

பிழைகள் நுழையும் வழிகள்

மிகப் பரவலான பிழை, T க்குச் செல்சியஸ் மதிப்பை இடுவது. மேற்கண்ட தரவில் 1000/950, 1000/1150 எனக் கொண்டு இரு ஓரப்புள்ளிகளின் சாய்வைக் கணக்கிட்டால் –10.99 கிடைக்கும்; Q = 91 கிலோஜூல் மோல்⁻¹. இதில் உள்ள ஆபத்து, புள்ளிகள் அப்போதும் ஏறத்தாழ நேர்கோட்டிலேயே அமைவதுதான். வரைபடம் அழகாக இருக்கும். விடை மட்டும் தவறாக இருக்கும். 10 ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கையில் வரைந்துவிட்டு, 2.303 ஆல் பெருக்க மறப்பதும் இவ்வகையினதே; அவ்வாறு செய்தால் Q = 63 என வரும்.

சோதனையில் நேரும் பிழைகளுள் வெப்பநிலைப் பிழையே முதன்மையானது. ln D இல் நேரும் மாற்றம் (Q/RT²) × ΔT ஆகும். 1000 °C இல் வெப்பநிலை 10 பாகை மாறினால் D 11% மாறிவிடும். நம் அட்டவணையில் 1000 °C புள்ளி 0.053 தாழ்ந்திருப்பதற்கு, உண்மையில் உலை 995 °C இல் இருந்திருந்தாலே போதும். வெப்ப மின்னிரட்டையின் முனை, மாதிரியைத் தொடாமல் உலைச் சுவரின் அருகே இருப்பின் இத்தகைய வேறுபாடு எளிதில் நேரும்.

இதனினும் நுட்பமானது, கருவி எல்லா வெப்பநிலையிலும் ஒரே அளவு கூட்டிக் காட்டும் பிழை. அப்போது புள்ளிகள் அனைத்தும் சேர்ந்தே நகர்வதால் சிதறல் மிகுவதில்லை; ஒட்டுறவுக் கெழு ஒன்றை நெருங்கியே இருக்கும். வரைபடத்தை எவ்வளவு நேரம் நோக்கினாலும் இப்பிழை தெரியாது. உருகுநிலை நன்கு அறியப்பட்ட பொருளைக் கொண்டு கருவியைச் சரிபார்ப்பதே வழி. தங்கம் 1064 °C இல் உருகுவதால் இந்த வெப்பநிலை எல்லைக்கு அது பொருத்தமானது.

கோடு முடியும் இடம்

தரவை விரிவாக்க விரும்பிய ஒருவர், கார்பன் மிகக் குறைவாக உள்ள இரும்பில் 850 °C இல் ஆறாவது அளவீட்டை எடுத்ததாகக் கொள்வோம். பொருத்திய கோட்டின்படி 850 °C இல் D = 3.1 × 10⁻¹² ஆக இருக்க வேண்டும். ஆனால் அவர் பெறும் மதிப்பு 1.2 × 10⁻¹⁰ மீ² வி⁻¹ என்னும் அளவில் இருக்கும். எதிர்பார்த்ததைப்போல் ஏறத்தாழ 40 மடங்கு. 1150 °C இல் கிடைத்ததைவிடவும் இது மிகுதி. வெப்பநிலை குறைந்தபோது விரவுதல் வேகமடைந்துள்ளது!

இது அளவீட்டுப் பிழையன்று. தூய இரும்பு 912 °C க்குக் கீழே பொருள் மைய கனச்சதுர அமைப்புடைய ஆல்ஃபா இரும்பாக மாறிவிடுகிறது. முகப்பு மைய அமைப்பில் அணுக்கள் கன அளவில் 74% இடத்தை நிரப்புகின்றன. பொருள் மைய அமைப்பிலோ 68% மட்டுமே. நெருக்கம் குறைந்த அவ்வமைப்பில் கார்பன் அணு கடக்க வேண்டிய தடை தாழ்ந்தது. Q ஏறத்தாழ 80 கிலோஜூல் மோல்⁻¹. எனவே அர்ஹீனியஸ் வரைபடத்தில் 912 °C இல் கோடு அறுந்து, மேலே வேறொரு சாய்வுடன் புதிய கோடு தொடங்குகிறது.

வரைபடம் வரையாமல் ஆறு எண்களையும் கணிப்பானில் இட்டுத் தொடர்புப் போக்குக் கோட்டைக் கேட்டால் அது மறுக்காமல் விடை தரும். x̄ = 0.7801, ȳ = 1.3783 எனக் கொண்டு கணக்கிட, Σ(x – x̄)² = 0.02289; Σ(x – x̄)(y – ȳ) = +0.0014, சாய்வு +0.06. அதாவது கிளர்வு ஆற்றல் சுழியை ஒட்டி, அதுவும் எதிர்க்குறியுடன்! ஐந்து நல்ல அளவீடுகளின் உழைப்பை, வேறு படிகநிலைக்குரிய ஒரே புள்ளி அழித்துவிடுகிறது. அது அச்சின் ஓரத்தில் அமைந்தமையால் அதற்கு இவ்வளவு வலிமை.

எனவே முதலில் புள்ளிகளைக் குறித்துக் கண்ணால் நோக்கி, அவை அனைத்தும் ஒரே படிகநிலைக்கு உரியனவா என்பதை உறுதி செய்த பின்னரே கோட்டைப் பொருத்துதல் வேண்டும். விலகிய புள்ளியை, அது விலகியிருக்கிறது என்பதற்காக மட்டும் நீக்கலாகாது. 1000 °C புள்ளி விலகியிருப்பினும் அதை நீக்க நமக்குக் காரணம் ஏதுமில்லை; எனவே அது கணக்கில் நின்றது. 850 °C புள்ளியை நீக்கக் காரணம் உண்டு. அதுவும் வீணன்று, ஆல்ஃபா இரும்புக்கு உரிய வேறொரு கோட்டின் முதற்புள்ளி அது.

பயிற்சி

1. ஆல்ஃபா இரும்பில் கார்பனின் விரவல் கெழு 600 °C இல் 1.0 × 10⁻¹¹, 700 °C இல் 3.1 × 10⁻¹¹, 800 °C இல் 7.9 × 10⁻¹¹, 850 °C இல் 12 × 10⁻¹¹ மீ² வி⁻¹ எனக் கொண்டு, மீச்சிறு வர்க்க முறையில் Q ஐயும் D₀ ஐயும் காண்க.

2. இக்கோட்டையும் பாடத்தில் பெற்ற காமா இரும்பின் கோட்டையும் ஒரே வரைபடத்தில் வரைக. எக்கோடு செங்குத்தாக உள்ளது? அதற்குக் காரணம் யாது?

3. முதல் கணக்கில் 850 °C புள்ளியை விட்டுவிட்டு மீண்டும் கணக்கிடுக. Q எவ்வளவு மாறுகிறது? நடுவிலுள்ள 700 °C புள்ளியை விட்டுவிட்டால் எவ்வளவு மாறுகிறது?